தோசைக்கல்லில் வாழையிலை மீன்: தீ எவ்வளவு, திருப்புவது எப்போது

நான் முதன்முதலில் வாழையிலையில் மீன் கட்டித் தோசைக்கல்லில் போட்டபோது, இலை ஐந்தே நிமிடத்தில் கருகியது. வெந்துவிட்டது என்று நினைத்துப் பிரித்தேன். மேலே மசாலா மணமாக இருந்தது. முள்ளை ஒட்டிய சதையோ கண்ணாடி போலப் பச்சையாக இருந்தது, நடுமுள் ஓரத்தில் ரத்தச் சிவப்பு. அடுத்த முறை பயந்துபோய் அரை மணி நேரத்துக்கு மேல் விட்டேன். மீன் பஞ்சு போல வறண்டுவிட்டது. மூன்றாவது முறை மசாலாவில் நீர் நின்றுவிட்டதால், பொட்டலத்துக்குள் மீன் குழம்பில் கிடப்பது போலக் கிடந்தது. செய்முறைக் குறிப்புகளில் மசாலாவைப் பற்றி எவ்வளவோ இருந்தது. தீயைப் பற்றி ஒரே வரிதான்: ‘சிம்மில் வைத்து இருபுறமும் வேகவிடவும்’. அந்த ஒரு வரிக்குள்தான் எல்லாமே இருக்கிறது. அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே மீனை வைத்துக்கொள்வோம். சுத்தம் செய்த பிறகு சுமார் 350 கிராம் வரும் ஒரு முழு வாவல், நடுவில் தடிமன் 2.5 செ.மீ. இதற்கு மசாலா, ஊறல், இலை, வேகவைப்பு எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் கல்லின் மேல் இருப்பது 20 நிமிடம்தான்.

1. மீனின் எடையைப் பார்க்காதீர்கள், தடிமனைப் பாருங்கள்

எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்பதை மீனின் எடை முடிவு செய்வதில்லை, தடிமன்தான் முடிவு செய்கிறது. சூடு இருபுறத்திலிருந்தும் நடுமுள் வரை போய்ச் சேர வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கோடு நிற்காது, அதற்கும் மேலே போகும். அதனால் முதல் தடவை தட்டையான மீனாக எடுங்கள். உருண்டு தடித்த முழு மீன் வேண்டாம். 3 செ.மீ.க்கு மேல் தடிமன் இருந்தால் துண்டு போட்டுக்கொள்வதே நல்லது.

மீனின் இருபுறமும் சாய்வாக மூன்று மூன்று கீறல் போடுங்கள். கத்தி முள்ளில் தட்டும் வரை ஆழமாகப் போக வேண்டும். மேலோட்டமாகக் கீறினால் உப்பும் உள்ளே போகாது, சூடும் போகாது. பிறகு சமையலறைத் துணியாலோ காகிதத்தாலோ மீனை நன்றாக ஒற்றி எடுங்கள். வயிற்றுக்குள்ளும் ஒற்ற வேண்டும். அங்கே தங்கும் நீர்தான் பின்னால் கவிச்சி வாடையாக வெளியே வரும்.

உறைந்த மீன் என்றால் முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். வெளியே இளகித் தெரியும் மீனின் நடுவில் பனி இருக்கக்கூடும். கீறலுக்குள் விரலை வைத்துப் பாருங்கள். உள்ளே கடினமாகவோ விரல் விறைக்கும் அளவுக்கு ஜில்லென்றோ இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் சொல்லும் நேரக் கணக்கு எதுவும் பனி இருக்கும் மீனுக்குப் பொருந்தாது.

ஊறலுக்கு மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால், மிளகுத்தூள் அரை, உப்பு அரை, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி போதும். 20 முதல் 30 நிமிடம் ஊறட்டும். எலுமிச்சையில் மணிக்கணக்காக ஊறினால் சதை வெளுத்து, வேகும்போது மாவு போல உதிரும்.

2. மசாலா பொட்டலத்துக்குள் போகும் முன்பே முழுதாக வெந்திருக்க வேண்டும்

இலைக்குள் ஈரம் இருக்கும் வரை அங்கே நீர் கொதிக்கும் சூட்டைத் தாண்டாது. அந்தச் சூட்டில் மீன் அழகாக வேகும், ஆனால் பச்சை வெங்காயம் வதங்காது, மிளகாய்த்தூளின் பச்சை வாடை போகாது. ‘உள்ளே போய் வெந்துவிடும்’ என்று எதையும் விட்டுவைக்க முடியாது.

பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கிண்ணம், தக்காளி ஒன்று, இஞ்சி பூண்டு விழுது ஒரு தேக்கரண்டி, கறிவேப்பிலை, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு. இவ்வளவையும் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் சுருள வதக்குங்கள். மிதமான தீயில் கால் மணி நேரமாவது ஆகும். எண்ணெய் பிரிந்ததும் இறக்கிவிடாதீர்கள். கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோட்டுக்குள் நீர் கசிந்து வந்தால் இன்னும் இரண்டு நிமிடம் வேண்டும். கோடு கோடாகவே நின்றால் சரி. கடைசியில் நான்கைந்து மேசைக்கரண்டி கெட்டி மசாலாதான் மிஞ்சும். குறைவாகத் தெரியும், ஆனால் அது போதும். மீனின் மேல் கனமாக அப்பினால் அதுவே ஒரு போர்வையாகி, சூட்டை உள்ளே விடாமல் தடுக்கும்.

மசாலா ஆறிய பிறகுதான் மீனில் தடவ வேண்டும்.

3. இலையை வாட்டுவதும் கட்டுவதும்

இரண்டு துண்டு இலை எடுங்கள். ஒவ்வொன்றும் மீனின் நீளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கட்டும். நடுத்தண்டை நீக்கிவிடுங்கள். தண்டு உள்ள இடத்தில் இலை மடியாது, மடித்தாலும் பொட்டலம் கல்லில் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும்.

ஈரத் துணியால் துடைத்துவிட்டு, சின்னத் தீயின் மேல் இலையின் அடிப்புறத்தைக் காட்டி, நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். வெளிர்ந்து சாம்பல் பூத்தாற்போல இருக்கும் இலை, சூடு பட்ட இடத்தில் சட்டென்று கரும்பச்சையாகி எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். அந்த நிறமாற்றம் இலை முழுவதும் ஓடி முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் காட்டினால் ஓரம் மொறமொறவென்று காய்ந்து, மடிக்கும்போது ஒடியும். மின்னடுப்பு மட்டும் உள்ளவர்கள் சூடான கல்லின் மேல் இலையை வைத்து, துணியால் அழுத்தித் தேய்த்தால் இதே மாற்றம் வரும். உறைந்த இலை ஏற்கெனவே துவண்டிருக்கும், ஆனாலும் ஈரம் போக ஒருமுறை வாட்டுங்கள்.

இலை எப்போதும் பக்க நரம்பின் போக்கில்தான் கிழியும். அதனால் ஒரு துண்டின் மேல் இன்னொன்றைக் குறுக்கே போடுங்கள், நரம்புகள் கூட்டல் குறி போல வெட்டிக்கொள்ளட்டும். ஒன்று கிழிந்தாலும் மற்றது தாங்கும். மீன் படும் உள்பக்கம் இலையின் மேற்புறமாக, அதாவது நாம் சோறு போட்டுச் சாப்பிடும் பக்கமாக இருக்கட்டும்.

பாதி மசாலாவை இலையில் பரப்பி, மீனை வைத்து, மீதியை மேலே தடவி, கீறல்களுக்குள்ளும் கொஞ்சம் அழுத்திவிடுங்கள். நீளவாட்டு ஓரங்கள் இரண்டையும் மீனின் மேல் மடித்து, பிறகு இரு முனைகளையும் உள்ளே மடியுங்கள். நனைத்த வாழைநார் அல்லது பருத்தி நூலால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். பல்குச்சி குத்தி மூடும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். குத்தின ஓட்டை வழியாகத்தான் சாறு கல்லில் இறங்கிக் கருகும்.

4. கல்லின் சூட்டைச் சரிபார்ப்பது

கனமான இரும்புத் தோசைக்கல்தான் இதற்குத் தோது. மெல்லிய தவாவில் தீ நேராகப் படும் வட்டம் மட்டும் கொதித்து, ஓரம் ஆறிக் கிடக்கும். மெல்லியதுதான் இருக்கிறது என்றால், அடுப்பின் மேல் பழைய தோசைக்கல் ஒன்றை வைத்து, அதன் மேல் தவாவை வையுங்கள். தீயின் கடுமை அடங்கிப் பரவலாக வரும்.

கல்லை மிதமான தீயில் மூன்று நிமிடம் காயவைத்து, பிறகு தீயைச் சிம்முக்குக் குறைத்து, இன்னும் இரண்டு நிமிடம் விடுங்கள். சிம் என்று நான் சொல்வது சிறிய பர்னரில், தீ அணையாமல் நிற்கும் மிகக் குறைந்த நிலை. பெரிய பர்னரின் சிம் பல அடுப்புகளில் இதற்கு அதிகம்.

எண்ணெய் விடும் முன் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். அது முத்து போல உருண்டு ஓடினால் கல் மிக அதிகமாகக் காய்ந்திருக்கிறது, இறக்கி ஆறவிட வேண்டும். சொட்டு அப்படியே படிந்து சும்மா கிடந்தால் சூடு போதாது. விழுந்த இடத்திலேயே ‘சிர்’ரென்று பொரிந்து இரண்டு மூன்று நொடியில் வற்றிப்போனால், அதுதான் வேண்டிய சூடு. ஒட்டாத பூச்சுள்ள தவாவை வெறுமனே இப்படிக் காயவைப்பது அந்தப் பூச்சுக்கு நல்லதல்ல. அதற்கு எண்ணெய் தடவிக்கொண்டு, சிம்மிலேயே தொடங்குங்கள்.

இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பல அடுப்புகள் குறைந்த நிலையில் தொடர்ச்சியாகச் சூடு தருவதில்லை. சில நொடி பலமாக எரிந்து, சில நொடி நிற்கும். மெல்லிய பாத்திரம் என்றால் எரியும் அந்தச் சில நொடியிலேயே இலையில் கருவட்டம் விழும். கனமான இரும்புக்கல் இருந்தால் அந்த ஏற்றத்தாழ்வை அது தாங்கிக்கொள்ளும்.

தீயைக் கூட்டினால் சீக்கிரம் வேகாதா என்று கேட்கலாம். வேகாது. இலை, மசாலா, தோல் என்று மூன்று அடுக்கைத் தாண்டித்தான் சூடு சதைக்குப் போகிறது, அது தன் வேகத்தில்தான் போகும். நீங்கள் கூட்டும் தீ முழுவதும் இலையில்தான் தங்கும். இலை கருகி ஓட்டை விழும், சாறு வெளியேறும், நடுவில் மீன் அப்படியே இருக்கும். என் முதல் மீனுக்கு நேர்ந்தது அதுதான்.

5. முதல் பக்கம்: 11 நிமிடம்

ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் கல்லில் பரவலாகத் தடவி, மடிப்பு கீழே இருக்கும்படி பொட்டலத்தை வையுங்கள். தொடக்கத்தில் மீன் இன்னும் சாறு விட்டிருக்காது. அந்த நேரத்தில் மடிப்பு கீழே இருந்தால், மீனின் எடையிலேயே அழுந்திப் படிந்துவிடும். சாறு வரத் தொடங்கும்போது திருப்பிவிடுவோம், மடிப்பு மேலே போய்விடும், கசியாது. நான் இதைத் தலைகீழாகச் செய்து பலமுறை சாறை இழந்திருக்கிறேன்.

மூடி போடுங்கள். மேல்பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகட்டும். இனி தீயைத் தொடாதீர்கள், காதையும் மூக்கையும் தீட்டிக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று நிமிடம் பெரிதாக ஒன்றும் கேட்காது. தீ போதவில்லையோ என்று பலரும் கூட்டிவிடுவது இந்த இடத்தில்தான். நான்காவது நிமிடம் வாக்கில் மெல்லிய ‘சிர்’ சத்தம் தொடங்கி, ஒரே சீராக ஓடும். ஆறு ஏழு நிமிடத்தில் இலை வாடும் மணம் வரும், சூடான சோற்றை இலையில் கொட்டினால் வருமே, அதைப் போன்றது, ஆனால் அதைவிடக் கனமானது. ஒன்பது பத்து நிமிடத்தில் ஓர மடிப்புகளிலிருந்து ஆவி நூலாக எழும்பும். ‘சட் சட்’ என்று வெடித்தால் சாறு கசிகிறது அல்லது கல் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே கல்லை அடுப்பிலிருந்து ஒரு நிமிடம் தூக்கிப் பிடியுங்கள். புகை மணம் வந்தாலும் அதையே செய்யுங்கள்.

11 நிமிடம் ஆனதும் தோசைத் திருப்பியால் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். இலையின் அடிப்புறம் பச்சை மாறி, மங்கிய ஆலிவ் நிறத்தில் ஆங்காங்கே பழுப்புத் திட்டுகளோடு இருக்க வேண்டும். இன்னும் பச்சையாக இருந்தால் இரண்டு நிமிடம் கூடுதலாக விடுங்கள். ஏழு நிமிடத்திலேயே கருந்திட்டு விழுந்திருந்தால் உங்கள் சிம் அதிகம். அடுத்த முறை அடியில் இன்னொரு கல் வையுங்கள்.

6. ஒரே ஒருமுறை திருப்புங்கள்

இரண்டு தோசைத் திருப்பி வேண்டும். ஒன்றை அடியில் முழு நீளத்துக்கும் செருகி, இன்னொன்றை மேலே வைத்து அணைத்துக்கொண்டு, நீளவாட்டில் உருட்டுவது போலத் திருப்புங்கள். தலையோ வாலோ மேலே தூக்கும்படி திருப்பினால் மீன் நடுவில் ஒடியும். பயமாக இருந்தால் பொட்டலத்தைத் தட்டில் நகர்த்தி, மேலே இன்னொரு தட்டு கவிழ்த்து, திருப்பி, மறுபடியும் கல்லில் நகர்த்திவிடுங்கள்.

அடிக்கடி திருப்பினால் சமமாக வேகும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். தோசைக்கும் சப்பாத்திக்கும் உள்ள கணக்கு இதற்கு ஆகாது. இலைப் பொட்டலம் ஒரு பக்கம் சூடேறவே மூன்று நான்கு நிமிடம் எடுக்கிறது. நீங்கள் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பினால், சூடு உள்ளே இறங்கும் முன்பே அந்தப் பக்கம் ஆறத் தொடங்கிவிடும். கூடவே ஒவ்வொரு திருப்பலிலும் மடிப்பு தளரும், பாதி வெந்த சதை நொறுங்கும்.

7. இரண்டாம் பக்கம்: 8 நிமிடம், மூடி இல்லாமல்

இரண்டாம் பக்கத்துக்கு நேரம் குறைவு, மீன் ஏற்கெனவே பாதிச் சூட்டில் இருக்கிறது. இப்போது மூடி வேண்டாம். மூடியிலிருந்து சொட்டும் நீர் இலையை நனைத்து, அந்தச் சுட்ட மணத்தைக் கெடுத்துவிடும். கல்லின் ஓரத்தில் அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டால் போதும்.

துண்டு மீன் என்றால், ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. தடிமனுக்கு முதல் பக்கம் 7, இரண்டாம் பக்கம் 5 நிமிடம். 3 செ.மீ. முழு மீனுக்கு 14, 11. இவை என் இரும்புக்கல்லில், சிறிய பர்னரில் வந்த கணக்கு. உங்கள் அடுப்பில் இரண்டு நிமிடம் முன்பின் ஆகும். முதல் தடவை செய்யும்போது கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவையுங்கள், அடுத்த தடவை அந்தக் குறிப்புதான் உங்களுக்கு உதவும்.

8. வெந்ததா என்று பிரிக்காமலே அறிவது

மெல்லிய கம்பி அல்லது ஊசிக்கத்தியை, தலைக்குச் சற்றுப் பின்னால் மீன் மிகத் தடித்திருக்கும் இடத்தில், மேல்புறமாக இலையோடு சேர்த்து முள் வரை குத்துங்கள். ஐந்து நொடி அங்கேயே வைத்துவிட்டு எடுத்து, உள் மணிக்கட்டில் தொட்டுப் பாருங்கள். கம்பி தடையில்லாமல் இறங்கி, ‘சுரீர்’ என்று சுட்டால் வெந்துவிட்டது. வெதுவெதுப்பாக இருந்தாலோ, சதை ரப்பர் போல எதிர்த்தாலோ இன்னும் மூன்று நிமிடம் வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுவில் 63 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும்.

கல்லிலிருந்து இறக்கியதும் நான்கு நிமிடம் கட்டோடு அப்படியே இருக்கட்டும். அந்த நேரத்தில் முள்ளோரம் கடைசியாக வேகும், மிதக்கும் சாறும் மசாலாவோடு சேர்ந்துகொள்ளும். உடனே பிரித்தால் முகத்தில் ஆவிதான் அடிக்கும்.

9. பிரித்த பிறகு ஏதாவது தவறாகத் தெரிந்தால்

நடுமுள்ளிலிருந்து சதை சுத்தமாகக் கழன்று வந்து, பால் வெள்ளையாக இதழ் இதழாகப் பிரிந்தால் சரியாக வந்திருக்கிறது. முள்ளோரம் இன்னும் கண்ணாடி போல இருந்தால் பதற வேண்டாம். அதே இலையில் திரும்ப மூடி, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, அதே சிம்மில் பக்கத்துக்கு நான்கு நிமிடம் வையுங்கள். அவசரத்தில் தீயைக் கூட்டினால் மேல்சதை வறண்டு, நடு அப்படியே நிற்கும்.

அடியில் நீர் தேங்கியிருந்தால் அது மசாலாவிலோ, ஒற்றாத மீனிலோ வந்தது. மீனைத் தூக்கித் தட்டில் வைத்துவிட்டு, அந்த நீரை மசாலாவோடு சேர்த்து ஒரு சட்டியில் இரண்டு நிமிடம் சுண்டவைத்து மேலே ஊற்றுங்கள், வீணாகாது. இலை சதையோடு ஒட்டிக்கொண்டு தோலை உரித்தால், அடுத்த முறை மசாலா பரப்பும் முன் இலையின் உள்பக்கம் சிறிது எண்ணெய் தடவுங்கள்.

இரண்டாவது பொட்டலம் போடும் முன் கல்லைத் துணியால் துடைத்துவிடுங்கள். முதல் பொட்டலத்தில் கசிந்த மசாலா கல்லில் கரியாக ஒட்டியிருக்கும், அது புது இலையைச் சுட்டு ஓட்டை போடும். கல் இப்போது முழுதாகச் சூடேறியிருப்பதால் இந்த முறை முதல் பக்கத்துக்கு 10 நிமிடம் போதும். மீந்துபோனால் இலையோடு மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் அதே இலையில் சிம்மில் மூடி போட்டு, பக்கத்துக்கு ஐந்து நிமிடம் வைத்து, நடுவில் ஆவி பறக்கும் வரை சூடாக்கிக்கொள்ளலாம்.